வாசலிலேயே நிற்கிறேன்

நான் எழுதிய ஒரு குழந்தைப் பாட்டு பொய்ப்பாட்டு. யாப்புப் பிழையோ பொருட்பிழையோ இருந்தால் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டில் நடந்த வேறொரு பொய்யை மூடிவைப்பதற்காக, தெரிந்தே எழுதிய பாட்டு அது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

ரஞ்சன்குடிப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை என்னிடம் ஒரு பாட்டு கேட்டார். 2025 ஜூன் 2 அன்று பள்ளி திறக்கிறது, ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முன்னால் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நின்று பாட வேண்டும், பிறகு புதுசுகளும் அதையே கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். "முதல் நாள் வர்ற பிள்ளை பாடுற மாதிரி இருக்கணும் சார். நாம சொல்ற மாதிரி இருக்கக்கூடாது." அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஆண்டு விழாப் பாட்டு, மரம் நடு விழாப் பாட்டு, பணி நிறைவுப் பாட்டு எல்லாம் எழுதிப் பழகிய கை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். இப்படித் தொடங்கியது:

அறிவுக் கோயில் போகிறேன்
அழகாய்ப் பாடம் கேட்கிறேன்
கண்ணில் நீரும் எனக்கில்லை
கவலை கொஞ்சம் கூடயில்லை

மோனை இருக்கிறது, தாளம் இருக்கிறது. ஐந்து வயசு மட்டும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு என்று எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. பாட்டில் வரும் 'நான்' எல்லாவற்றையும் 'நீ' ஆக்கிப் பாருங்கள். அறிவுக் கோயிலுக்குப் போ, அழகாய்ப் பாடம் கேள், கண்ணில் நீர் வேண்டாம், கவலை வேண்டாம். ஒரு சொல்லும் இடறவில்லை. ஒரு பெரியவர் சொல்லும் புத்திமதி, குழந்தையின் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. உண்மையிலேயே குழந்தை பேசும் வரி இந்தச் சோதனைக்கு மசியாது. 'என் செருப்பு எதுன்னு தெரியல' என்பதை 'நீ' ஆக்கினால் புத்திமதி வராது.

இரண்டாம் பத்தியில் இன்னும் மோசம் செய்தேன். ஊர்ப் பெருமை இருக்கட்டும் என்று கோட்டையைக் கொண்டுவந்தேன். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பேருந்து ஜன்னலிலேயே பார்த்துவிடும் கோட்டை அது. கர்நாடக நவாபின் கீழ் இருந்த ஜாகிர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1751இல் வாலிகண்டபுரம் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது இந்தக் கோட்டையும் அதில் மாட்டியது. இதையெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் திணித்து, ஜாகிர்தாருக்கு எதுகை தேடி அலைந்தேன். மூன்றாம் பத்தியில், தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொட்டுக் காட்டிப் பள்ளியில் சேர்ந்ததாக எழுதினேன். அது என் காலம். இப்போது பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடக் காது எதற்கு என்று விளங்கியிருக்காது.

ஜூன் 2 காலையில் பாடினார்கள். நான் பின்வரிசையில், பெற்றோர்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டு பிள்ளைகளிடம் எடுபடவில்லை என்பதை அறிய, அவர்கள் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், காது போதும். வரியின் கடைசிச் சொல் மட்டும் கூச்சலாக எழும்பும், முன்னால் இருப்பதெல்லாம் முணுமுணுப்பாகப் போகும். "...கிறேன்! ...கிறேன்! ...இல்லை!" என்று எனக்குக் கேட்டது. நீள நீளமான வரிகளும் அடுத்த பத்திகளில் இருந்தன. ஐந்தாறு வயசுப் பிள்ளைக்கு ஒரு மூச்சில் நாலைந்து சிறு சொல் வரும், அதற்கு மேல் வராது. போதாததற்கு, பாட்டைச் சொல்லிக்கொடுத்தவன் நான், என் கட்டைக் குரலில். பிள்ளைகளில் பாதிப்பேர் என் சுருதியைத் தேடிக் கீழே போய் உறுமினார்கள், மீதிப்பேர் மேலே தாவிக் கீச்சிட்டார்கள். அந்த வயசுக் குரலுக்கு வசதியான இடம் ஐந்தாறு சுவரம்தான், அதுவும் ஆண் குரலுக்கு நன்றாக மேலே. (பிற்பாடு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் வரியை எடுத்துக்கொடுத்ததும் எல்லாம் சரியாயிற்று.)

'கண்ணில் நீரும் எனக்கில்லை' வரும்போது முன்னால் உட்கார்ந்திருந்த புதுப் பிள்ளைகளில் மூன்று நாலு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தே அந்த வரியைப் பாடினார்கள். அழாத குழந்தையின் குரலில் ஒரு பாட்டை எழுதி, அழுகிற குழந்தையின் முன்னால் நிறுத்தினால் அது வரவேற்பு ஆகாது, குத்திக்காட்டல்தான்.

தலைமை ஆசிரியை திட்டவில்லை. "இன்னொரு தடவை பாருங்க சார்" என்றார். அந்த மாதம் அவர் அனுமதியோடு சில நாள் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதலில் தப்பான கேள்வி கேட்டேன். "பள்ளிக்கூடத்துல எது பயமா இருந்துச்சு?" பதில் இல்லை, தரையைப் பார்த்தார்கள். உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கேட்டால் அந்த வயசில் வராது. "மொத நாள் எங்க குந்துன?" என்று மாற்றிக் கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். யார் பக்கத்தில், எந்த மூலையில், பல்லி எங்கே இருந்தது, யாருடைய தண்ணீர் பாட்டிலில் என்ன படம், முட்டையில் மஞ்சளை யார் கீழே போட்டது.

அவர்களில் நிறையப் பேர் அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள். அம்மாவை விட்டுப் பிரிவது அவர்களுக்குப் புதிதில்லை. புதிது வேறு. ஒன்று, பெரிய பிள்ளைகள். அங்கன்வாடியில் எல்லாரும் ஒரே உயரம். இங்கே ஐந்தாம் வகுப்பு அண்ணன் ஓடிவந்தால் சுவர் ஓடிவருவது மாதிரி. இரண்டு, மணி. அது எதற்கு அடிக்கிறது என்று தெரியாது. அடித்தால் எல்லாரும் எழுந்து எங்கோ போகிறார்கள். மூன்று, ஒண்ணுக்குப் போவது. எங்கே என்று தெரியாது. ஒற்றை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், தூக்கினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். முதல் நாள் பயங்களில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். நான் கேட்டு வளர்ந்த எந்தப் பள்ளிப் பாட்டிலும் இது வந்ததில்லை.

ஒரு பையன் கோட்டையைப் பற்றிச் சொன்னது என் 1751ஐ ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. அப்பாவின் எக்செல் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு வரும்போது கோட்டையைப் பார்த்து, அதுதான் பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டானாம். அவ்வளவு பெரிய இடம், அகழி வேறு, உள்ளே விட்டுவிட்டால் எப்படி வெளியே வருவது என்று யோசித்துக்கொண்டே வந்தானாம். வண்டி கோட்டையைத் தாண்டிப் போனதும் "சந்தோசமாவும் இருந்துச்சு, ஏமாந்தும் போயிட்டேன்" என்றான். வியப்பும் பயமும் வேறு வேறு பத்தியில் எழுத வேண்டிய இரண்டு சங்கதிகள் என்று நினைத்திருந்தேன். இவனுக்கு இரண்டும் ஒரே சுவரைப் பார்த்து வந்திருக்கிறது.

பெரிய கவிகளும் பள்ளியைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. தாகூர் தன் இளமை நினைவுகளில் சொல்கிறார்: மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைப் பார்த்துத் தானும் போக வேண்டும் என்று அழுதிருக்கிறார். வீட்டு ஆசிரியர் ஓர் அறை வைத்து, இப்போது போக வேண்டும் என்று அழுகிறாய், போகாமலிருக்க இதைவிட அதிகமாக அழப்போகிறாய் என்றாராம். தன் வாழ்நாளில் அதைவிடச் சரியாகப் பலித்த வாக்கைக் கேட்டதில்லை என்கிறார் தாகூர். பாரதி தன் சுயசரிதைக் கவிதையில் நெல்லையில் ஆங்கிலப் பள்ளியில் போட்டதை நினைத்துப் பொருமுகிறார். ஆனால் பொருமுவது வளர்ந்த மனிதர். பாப்பாவிடம் பேசும்போது அவரும் புத்தி சொல்லும் பெரியவர்தான். சிறுவர் குரலைச் சரியாகப் பிடித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவர். அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டு, நாளைக்குப் பள்ளி இல்லை என்ற குதூகலத்தில்தான் ஆரம்பிக்கிறது. எழுதியவர் யார்? பள்ளிக்கூட வாத்தியார். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம்.

என் மகளை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "நீ இங்கயே இருப்பியா?" என்று கேட்டாள். "வாசல்லயே நிக்கிறேன் பாப்பா, நீ எப்ப எட்டிப் பார்த்தாலும் இருப்பேன்" என்றேன். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் நழுவினேன். பெரம்பலூர் பேருந்தைப் பிடித்து அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். மத்தியானம் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். டீச்சர் சோற்றுக்குக் கூப்பிட்டதற்கு, "அப்பா வெளியில நிக்கிறாரு, அவரும் சாப்பிடல" என்றாளாம். சாயங்காலம் அதை என்னிடம் சொன்னது அவளில்லை, டீச்சர். நான் சிரித்தேன். வீட்டிலும் ஒரு வேடிக்கைக் கதையாக அதைச் சொன்னேன். வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன், விருந்தாளிகளிடம்கூட.

பிள்ளை அறியாமல் நழுவுவது நம் ஊரில் எல்லாரும் செய்வது. அழுகையைப் பார்க்க வேண்டாமே என்று செய்கிறோம். ஆனால் அதில் மிச்சமாவது நம் கண்ணீர்தான். பிள்ளை அப்போதும் அழும், கொஞ்ச நேரம் கழித்து அழும். கூடவே ஒன்று கற்றுக்கொள்ளும்: கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போவார். அதனால் இரண்டாம் நாள் கண்ணையே எடுக்காது, காலைக் கட்டிக்கொள்ளும். 'போகிறேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லி, கையை ஆட்டி, நடந்து போய்விட்டால் முதல் பத்து நிமிஷம் ரணகளமாக இருக்கும், பிறகு அடங்கும். எப்போது வருவேன் என்பதையும் மணிக் கணக்கில் சொல்லிப் பயனில்லை. நாலு மணி என்பது ஐந்து வயசுக்கு ஒரு சத்தம், அவ்வளவே. "சோறு தின்னுட்டு, அப்புறம் கொஞ்சம் படிச்சு, நீள மணி அடிச்சதும் வருவேன்" என்றால் பிள்ளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும். இதையெல்லாம் அந்தத் தலைமை ஆசிரியைதான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். என் மகளுக்கு இப்போது முப்பதைத் தாண்டுகிறது; நான் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் பாட்டின் கடைசிப் பத்தியில் நான் எழுதியிருந்த வரியை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். 'அப்பா வாசல் நிற்கிறார், அதனால் அச்சம் எனக்கில்லை.' எழுதும்போதே கை நின்றது. எதுகை உதைப்பதால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொன்ன அப்பன், ஏமாந்த பிள்ளையின் குரலிலேயே தனக்கு நற்சான்று எழுதி வாங்கிக்கொள்கிறான், அதை இன்னும் நாற்பது பிள்ளைகளைக் கொண்டு பாட வைக்கிறான்.

இரண்டாவது பாட்டு மெல்ல மெல்லத்தான் வந்தது. அறிவு, ஒளி, கல்வி போன்ற கையால் தொட முடியாத சொல் எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். வரி ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். பிள்ளை பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று அது சொல்லக்கூடாது.

பெரிய கதவு திறக்குது
பின்னால் அம்மா நிக்கிறா
திரும்பிப் பார்த்தேன் நிக்கிறா
திரும்பிப் பார்த்தேன் காணலை

கோட்டை தாண்டி வந்தமே
கோட்டைக் குள்ள யாரிருக்கா?
அண்ணன் ஒருத்தன் ஓடியாரான்
ஆனை மாதிரி சத்தம்!

ஒண்ணுக்கு வந்தா என்ன செய்ய?
ஒத்த விரலக் காட்டணும்
காட்டினா எல்லாம் பார்ப்பாங்க
காலை ஒட்டி வச்சுக்கிட்டேன்

பக்கத் திலொரு பாப்பா
பாவம் அதுவும் அழுவுது
பென்சில் ஒண்ணு நீட்டினேன்
பிடிச்சுக் கடிச்சுப் பார்த்துது

மணி அடிச்சுது ஓடினேன்
மரத்துக் கிட்ட அம்மா
எல்லாம் முடிஞ்சு போச்சுன்னேன்
நாளைக்கும் உண்டாம்! நாளைக்குமா?

கடைசி வரி என் கற்பனை இல்லை. முதல் நாள் வீரனாக இருந்துவிட்டு இரண்டாம் நாள் வீட்டுத் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகள் நிறைய. முதல் நாளைத் திருவிழா மாதிரி நினைத்துப் போய்விடுகிறார்கள், போனோம் வந்தோம் என்று. அது தினமும் என்று தெரிவது இரண்டாம் நாள் காலையில்தான். ஆசிரியர்கள் அந்த நாளுக்குத்தான் அதிகம் தயாராக இருக்கிறார்கள். கடித்த பென்சிலும் நிஜம். அதைச் சொன்ன சிறுமி இன்னும் அதை மன்னிக்கவில்லை.

வகுப்பில் பாடிப் பார்த்தபோது மூன்றாம் பத்திக்கு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து விரலைத் தூக்கினான். அவன் பாட்டை நடித்துக் காட்டுகிறான் என்று நினைத்தேன். நிஜமாகவே போக வேண்டியிருந்தது.

தலைமை ஆசிரியைக்குப் பாட்டு பிடித்தது, ஒரு வரி தவிர. 'திரும்பிப் பார்த்தேன் காணலை' என்பதை, 'கையை ஆட்டிப் போகிறா' என்று மாற்றச் சொன்னார். பெற்றோர் அப்படிச் செய்ய வேண்டும் என்று தானே கூட்டத்தில் சொல்லிவிட்டு, பிள்ளைகள் வாயில் இதைப் பாட வைக்க முடியாது என்றார். நியாயம்தான். ஆனால் அன்று காலையிலும் இரண்டு அப்பாக்கள் என்னைப் போலவே நழுவியதை நான் பார்த்திருந்தேன். நடக்க வேண்டியதைப் பாடுவதா, நடந்ததைப் பாடுவதா என்று கொஞ்சம் வாதாடினேன். "சார், காணலைன்னு பாடினதும் அந்தப் பிள்ளை வாசலைத் திரும்பிப் பார்க்குமே. அப்ப யாரு பதில் சொல்றது?" என்றார். மாற்றிக் கொடுத்தேன். பள்ளியில் பாடுவது மாற்றிய வரி. என் நோட்டில் இருப்பது பழைய வரி.

இரண்டையும் மகளிடம் படித்துக் காட்டினேன். வாசலில் நிற்கவில்லை, நேரே பேருந்துக்குப் போய்விட்டேன் என்று முதன்முறையாக வேடிக்கையாக இல்லாமல் சொன்னேன். அவள் போனில் கொஞ்சம் யோசித்தாள். ஜன்னல் கம்பி அவளுக்கு நினைவில்லையாம். அன்றைக்குப் புதுச் செருப்பு கடித்தது மட்டும்தான் நினைவிருக்கிறதாம்.

"அதுக்கு ஏன்ப்பா இப்ப? போய்த்தானே ஆகணும்" என்றாள். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"பேருந்து போயிடும்னு பார்த்தேன்."

"அடுத்த பேருந்து எப்ப?"

"அரை மணியில."

அவளுக்கு நினைவில்லை என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. அவளுக்கே இல்லாத வலியை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று சில நாள் லேசாகத் திரிந்தேன். பாட்டில் பழைய வரியையே அடித்துவிடலாமா என்றுகூட நோட்டைத் திறந்தேன். இந்த வாக்குமூலத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.